எஃப்.டி. மேல் கடன்: வாங்குவது எளிது, லியனை எடுப்பதில்தான் வேலை

வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கிடக்கும். அவசரச் செலவு வந்ததும் அந்த ரசீதை மறந்துவிட்டு, பீரோவில் இருக்கும் சங்கிலியை எடுத்துக்கொண்டு நகைக்கடன் கவுன்டருக்குப் போவோம். நம் ஊரில் இது சாதாரணமாக நடப்பதுதான். இன்னொரு வகையினர் நேராகக் கிளைக்குப் போய், "எஃப்.டி.யை உடைச்சிடுங்க சார்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. டெபாசிட்டை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே கடன் வாங்கலாம். நகைக்கு மதிப்பீட்டாளர், தனிநபர் கடனுக்குச் சம்பளச் சான்று என்பதுபோல இதற்கு எதுவும் தேவையில்லை. ஈடு ஏற்கெனவே வங்கியின் கையிலேயே இருப்பதால் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்து மறுப்பதும் அரிது. பல வங்கிகளின் செயலியில் ஐந்து நிமிடத்தில் பணம் கணக்குக்கு வந்துவிடும்.

இதற்கு வட்டி, டெபாசிட் வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் என்பது பரவலான நடைமுறை. அரை சதவீதம் வைக்கும் வங்கியும் உண்டு, இரண்டு வைக்கும் வங்கியும் உண்டு. டெபாசிட்டுக்கு 7 சதவீதம் தருகிறார்கள் என்றால் கடனுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது வயதைத் தாண்டியவருக்குக் கூடுதலாக அரை சதவீதம் கிடைத்து 7.5 என்றால், அவருடைய கடன் வட்டி அந்த 7.5-க்கு மேல்தான் கணக்கிடப்படும். டெபாசிட் வட்டி முதிர்வுவரை மாறாது என்பதால் அதன் மேல் எழும் கடன் வட்டியும் பொதுவாக மாறுவதில்லை.

அந்த ஒரு சதவீதம் நிஜத்தில் எவ்வளவு என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு, 7 சதவீத வட்டியில், ஐந்து லட்சம் போட்டிருக்கிறார். வட்டி அசலோடு சேர்ந்து வளரும் வகை. இருபது மாதம் ஓடியிருக்கிறது. மகன் வீடு கட்டும் இடத்தில் கான்கிரீட் போட மூன்று லட்சம் தேவைப்படுகிறது. நான்கு மாதத்தில் ஒரு காப்பீட்டு பாலிசி முதிர்ந்து பணம் வரும். அதுவரை சமாளித்தால் போதும்.

அவர் டெபாசிட்டை உடைத்தால் என்ன ஆகும்? ஒப்புக்கொண்ட 7 சதவீதம் அவருக்குக் கிடைக்காது. டெபாசிட் போட்ட நாளில் இருபது மாதத்துக்கு என்ன வட்டி இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அரை சதவீதமோ ஒரு சதவீதமோ அபராதமாகக் கழிப்பார்கள். அன்று இருபது மாதத்துக்கு 6.75 இருந்தது, அபராதம் அரை என்றால் மிஞ்சுவது 6.25. ஏழு சதவீதக் கணக்கில் இன்று ஏறத்தாழ 5,61,300 ரூபாயாக இருக்க வேண்டிய தொகை, 6.25 கணக்கில் 5,54,450 ஆகச் சுருங்கும். கிட்டத்தட்ட 6,850 ரூபாய் நஷ்டம். அவருக்குத் தேவை மூன்று லட்சம்தான். ஆனால் இழப்பு ஐந்து லட்சத்துக்கும், கடந்துபோன இருபது மாதத்துக்கும் சேர்ந்து விழுகிறது. டெபாசிட்டை உடைப்பதில் பலருக்குப் புரியாத இடம் இதுதான். எடுத்தது போக மிச்சத்தை மறுபடி போடும்போது அன்றைய வட்டிதான் கிடைக்கும். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5-இலிருந்து படிப்படியாக 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. டெபாசிட் வட்டிகளும் பின்னாலேயே இறங்கின. அதற்கு முன் 7 சதவீதத்தில் பூட்டிவைத்தவர் அதை உடைத்துவிட்டால் அந்த 7 திரும்பக் கிடைப்பது கடினம்.

இப்போது கடன் வழி. மூன்று லட்சத்துக்கு 8 சதவீதம், நான்கு மாதம். மாதாமாதம் வட்டி ஏற்றப்பட்டு, கடைசியில் மொத்தமாகக் கட்டினால் வட்டி 8,080 ரூபாய் வரும். அதே நான்கு மாதத்தில் டெபாசிட்டுக்குள் இருக்கும் மூன்று லட்சம் 7,020 ரூபாய் சம்பாதித்திருக்கும். வித்தியாசம் 1,060 ரூபாய். அதாவது உடைத்திருந்தால் 6,850 போயிருக்கும். கடன் வாங்கியதால் 1,060 போகிறது.

கூர்ந்து பார்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். மூன்று லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3,000, நான்கு மாதத்துக்கு 1,000தானே, அந்த அறுபது ரூபாய் எங்கிருந்து வந்தது? டெபாசிட்டுக்கு வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலில் சேர்க்கிறார்கள். கடனுக்கோ மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கிறார்கள். ஓராண்டுக்கு வைத்துப் பார்த்தால் 7 சதவீத டெபாசிட் உண்மையில் 7.19 தருகிறது, 8 சதவீதக் கடன் உண்மையில் 8.30 வாங்குகிறது. இடைவெளி ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி 1.1 ஆகிவிடுகிறது. மாதா மாதம் வட்டியைக் கட்டிவிட்டால் கடன் பக்கம் வட்டிக்கு வட்டி ஏறாது. நான்கு மாதத்துக்கு இது பொருட்டே இல்லை. மூன்று ஆண்டுக்கு என்றால் தெரியும்.

வரியைச் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். டெபாசிட் வட்டி வருமானம். அதற்கு வரி உண்டு. அந்தக் கடனை வீட்டுச் செலவுக்கு வாங்கினால், அதற்குக் கட்டும் வட்டியை டெபாசிட் வட்டியிலிருந்து கழித்துக் காட்ட முடியாது. ஆசிரியை 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 7,020 ரூபாய்க்கு வரியும் கூடுதல் வரியுமாக 1,460 ரூபாய் போகும். நிகரச் செலவு 1,060 அல்ல, 2,520. முப்பது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அது 3,250 ஆகிவிடும். அப்போதும் உடைப்பதைவிட லாபம்தான். ஆனால் "வெறும் ஒரு சதவீதம் சார்" என்று கவுன்டரில் சொல்வது, வரி கட்டாதவருக்கு மட்டுமே பொருந்தும் வாசகம். வியாபாரத்துக்காக வாங்கியவர் அந்த வட்டியை வியாபாரச் செலவில் எழுதலாம். அவர் கதை வேறு. வங்கி பிடிக்கும் டி.டி.எஸ். கடனைக் கண்டுகொள்வதே இல்லை. ஓர் ஆண்டில் அந்த வங்கியில் வரும் டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், பிடித்தம் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து வரம்பு இதுதான்.

எல்லா நேரமும் கடன்தான் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஐந்து லட்சம், அதே 7 சதவீதம், ஆனால் போட்டு இரண்டே மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நாலரை லட்சம் தேவை. மிச்சமிருக்கும் முப்பத்து நான்கு மாதத்துக்கும் திருப்பிக் கட்ட வழியில்லை. உடைத்தால் இரண்டு மாத வட்டியில்தான் குறைவு வரும். அந்தக் குறுகிய காலத்துக்கு வங்கி அபராதம் போக 4.5 சதவீதம் தந்தாலும் இழப்பு 2,100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடனாக முதிர்வுவரை ஓட்டினால், டெபாசிட் சம்பாதித்தது போக 16,000 ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போகும். ஆக, டெபாசிட் எவ்வளவு நாள் ஓடிவிட்டது, கடன் எவ்வளவு நாள் ஓடப்போகிறது என்ற இரண்டையும்தான் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நிறைய ஓடிய டெபாசிட், கொஞ்சம் நாள் கடன் என்றால் கடனே மேல். தலைகீழாக இருந்தால் தயங்காமல் உடைக்கலாம்.

ஐந்து லட்சத்துக்கும் ஏன் முழுதாகக் கடன் தருவதில்லை? பெரும்பாலும் 90 சதவீதம், சில இடங்களில் 75, சில இடங்களில் 95. வட்டி வளர்ந்து கடன் டெபாசிட்டையே தாண்டிவிடக் கூடாது என்பதற்காக விடும் இடைவெளி அது. அசலோடு வட்டி சேரும் டெபாசிட்டில் இரண்டு பக்கமும் வளர்வதால், 90 ரூபாய்க் கடன் 100 ரூபாய் டெபாசிட்டைத் துரத்திப் பிடிக்கப் பத்தாண்டு ஆகும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கையில் வாங்கும் டெபாசிட்டில் அப்படியில்லை. டெபாசிட் நூறிலேயே நிற்கும், கடன் மட்டும் ஏறும். பதினாறே மாதத்தில் எட்டிப் பிடித்துவிடும். மாதச் செலவுக்கு டெபாசிட் வட்டியை நம்பியிருக்கும் ஓய்வூதியர்களிடம், "வட்டியை லோன் கணக்குக்குத் திருப்பிவிடட்டுமா?" என்று வங்கியில் கேட்பதன் காரணம் இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், அடுத்த காலாண்டில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி வராமல் போகும்போதுதான் தெரியவரும்.

கடன் இரண்டு உருவத்தில் வரும். மொத்தமாகச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்து, மொத்தத்துக்கும் வட்டி போடும் டிமாண்ட் லோன் ஒன்று. வரம்பை மட்டும் நிர்ணயித்து, எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி போடும் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓ.டி., இன்னொன்று. தேவை துண்டுதுண்டாக வரும் என்றால் ஓ.டி.தான் வசதி. ஆனால் கடன் தீர்ந்த பிறகு அதிகம் தொல்லை தருவதும் ஓ.டி.தான். அந்தத் தொல்லையின் பெயர் லியன்.

லியன் என்பது, இந்த டெபாசிட்டின் மேல் வங்கிக்கு முதல் உரிமை இருக்கிறது என்று கணினியில் பதியும் ஒரு குறிப்பு. முன்பெல்லாம் காகித ரசீதின் பின்புறம் வருவாய் முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்கி, முகப்பில் லியன் என்றும் கடன் கணக்கு எண்ணையும் முத்திரை குத்தி, ரசீதைக் கிளையிலேயே வைத்துக்கொள்வார்கள். கிளையில் போய் வாங்கினால் இன்றும் பல இடங்களில் அப்படித்தான். செயலியில் வாங்கும்போது காகிதம் எதுவும் கைமாறாது. டெபாசிட்டின் விவரப் பக்கத்தைத் திறந்தால் `Lien Amount` என்ற வரியில் ஒரு தொகை ஏறியிருக்கும். அல்லது `Lien` என்பதற்கு நேராக `Yes` என்று இருக்கும். டெபாசிட்டை மூடும் பொத்தானை அழுத்தினால் மறுத்துவிடும். சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கில் இதெல்லாம் தெரியாது. கடன் பணம் வரவானதற்கான ஒரே ஒரு வரிதான் அங்கே இருக்கும். ஆகவே பாஸ்புக்கை மட்டும் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு லியன் கண்ணிலேயே படாது.

அந்தத் தொகை எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். நம் ஆசிரியை வாங்கியது மூன்று லட்சம். சில வங்கிகளில் `Lien Amount` மூன்று லட்சமும் கொஞ்சமும் காட்டும். சில வங்கிகளில் முழு ஐந்து லட்சமும் பிடிபட்டிருக்கும். மீதி இரண்டு லட்சத்தையும் தொட முடியாது. ஓ.டி.யில் எடுத்த தொகைக்கு அல்ல, வரம்புக்கே லியன் போடுவார்கள். நான்கரை லட்சம் வரம்பு வாங்கிப் பத்தாயிரம் மட்டும் எடுத்திருந்தாலும் அப்படித்தான். ஐந்து லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சமாக ஐந்து ரசீது போடுபவர்களைப் பார்த்து வீண் வேலை என்று சிரிக்க வேண்டாம். மூன்று ரசீதின் மேல் கடன் வாங்கி, இரண்டைச் சுதந்திரமாக வைத்துக்கொள்ள அவர்களால் முடியும்.

லியன் போடவே முடியாத டெபாசிட்டும் உண்டு. வருமான வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு டெபாசிட்டை அடகு வைக்கவும் முடியாது, இடையில் உடைக்கவும் முடியாது. இன்னொரு வங்கியின் ரசீதைக் கொண்டுபோனாலும் நடக்காது. போலி ரசீது மோசடிகளைப் பார்த்த ரிசர்வ் வங்கி, பிற வங்கி ரசீதின் மேல் கடன் தருவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. கணவன், மனைவி பெயரில் கூட்டாக இருக்கும் டெபாசிட் என்றால், 'இருவரில் ஒருவர்' என்று போட்டிருந்தாலும் கடனுக்கு இருவரின் கையெழுத்தையும் கேட்பார்கள்.

கையெழுத்திடும் படிவத்தில் ஒரு வரி இருக்கும். இந்தக் கடனுக்கு மட்டுமல்லாமல், வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய வேறு எந்தப் பாக்கிக்கும் இந்த டெபாசிட்டை வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவிலேயே வங்கிகளுக்குப் பொது லியன் உரிமையைத் தருகிறது. சிண்டிகேட் வங்கிக்கும் விஜய்குமாருக்கும் இடையிலான வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம், வைப்பு ரசீதுகளின் மேலும் அந்த உரிமை செல்லும் என்றது. எஃப்.டி. கடனைத் தீர்த்துவிட்டு வந்தவரிடம், "கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறதே" என்று வங்கி சொல்வதற்கான வேர் அங்கே இருக்கிறது.

இனி, கடனை அடைக்கும் நாள். பாலிசிப் பணம் வந்துவிட்டது. ஆசிரியை பத்தாம் தேதி செயலியைத் திறக்கிறார். கடன் கணக்கில் காட்டும் பாக்கியை ரூபாய் பிசகாமல் கட்டுகிறார். பாக்கி பூஜ்யம். நிம்மதியாகிவிடுகிறார்.

ஆனால் அந்தப் பூஜ்யம் முழுப் பூஜ்யம் இல்லை. வட்டி நாள்தோறும் கணக்கிடப்படுகிறது, கணக்கில் ஏறுவதோ மாதக் கடைசியில். ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரையிலான வட்டி இன்னும் எழுதப்படவில்லை. மூன்று லட்சத்துக்கு 8 சதவீதத்தில் பத்து நாளைக்கு 657 ரூபாய். மாதக் கடைசியில் அது தானாக ஏறும். கடன் கணக்கு மறுபடி உயிர்பெறும். ஐந்து லட்சத்தின் மேல் லியன் அப்படியே நிற்கும். இதைத் தெரியப்படுத்தும் குறுஞ்செய்தி வந்தாலும், கடன் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் யார் அதைப் படிக்கிறார்கள்?

ஓராண்டு கழித்து டெபாசிட் முதிர்கிறது. 6,15,700 ரூபாய். லியன் இருப்பதால் பணம் சேமிப்புக் கணக்குக்குப் போவதில்லை, தானாகப் புதுப்பிக்கும் வசதியும் சில வங்கிகளில் அந்த டெபாசிட்டில் வேலை செய்வதில்லை. முதிர்ந்த டெபாசிட்டாக அப்படியே நிற்கிறது. 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, முதிர்ந்தும் கேட்கப்படாமல் வங்கியில் கிடக்கும் டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியோ பழைய ஒப்பந்த வட்டியோ, இரண்டில் எது குறைவோ அதுதான். பெரிய வங்கிகள் பலவற்றில் சேமிப்பு வட்டி இப்போது 2.5 சதவீதம். 6.25-இல் புதுப்பித்திருக்க வேண்டிய பணம் மூன்று மாதம் இப்படிக் கிடந்தால் 5,700 ரூபாய்க்கு மேல் இழப்பு. கடன் வாங்கியதற்கு ஆன செலவைவிட, அதைச் சரியாக மூடாததற்கு ஆகும் செலவு அதிகம்.

"லோன் கட்டியாச்சே தம்பி, இன்னும் ஏன் பணம் வரலை?" என்று கேட்டால், "கணக்கு குளோஸ் ஆகலை டீச்சர், லியன் இன்னும் எடுக்கலை" என்ற பதில்தான் வரும். இதைத் தவிர்க்க, கட்டப்போகும் அன்று கிளையில் 'இன்றைய குளோஷர் தொகை எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். ஏறாத வட்டியும் சேர்ந்த தொகை அது. கட்டியபின் கடன் கணக்கை மூடச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி பூஜ்யமாக இருப்பதும் கணக்கு மூடப்பட்டிருப்பதும் வேறு வேறு. ஓ.டி.யில் இது இன்னும் முக்கியம். வரம்பு உயிரோடு இருக்கும்வரை, ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும், லியன் போகாது. ஓரிரு வேலைநாள் கழித்து டெபாசிட் பக்கத்தைத் திறந்து `Lien Amount` பூஜ்யமாகிவிட்டதா என்று பாருங்கள். காகித ரசீது கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கி, லியன் முத்திரை ரத்து செய்யப்பட்டு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடன் சிபில் அறிக்கையிலும் வங்கி டெபாசிட் மேல் வாங்கிய கடன் என்ற தனி வகையில் பதிவாகும். ஒன்றிரண்டு மாதத்தில் அங்கேயும் `Closed` என்று வந்திருக்க வேண்டும்.

கடனே வாங்காதவரின் சேமிப்புக் கணக்கிலும் லியன் தெரிவது உண்டு. புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தத் தொகை ஒதுக்கீடு முடியும்வரை அப்படித்தான் நிற்கும். விழாத கட்டணப் பாக்கி, காவல் துறையின் உத்தரவு போன்றவையும் காரணமாகலாம். காரணத்தை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

கடன் முடிந்தும் லியனை எடுக்கவில்லை என்றால் முதலில் கிளைக்கும், பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். கடைசித் தொகை கட்டிய ரசீது, கணக்கை மூடச் சொன்ன கடிதத்தின் முத்திரையிட்ட நகல், லியன் இன்னும் நிற்பதைக் காட்டும் திரைப்படம், மூன்றையும் இணைக்க வேண்டும். டெபாசிட் முதிர்ந்த தேதியையும், அன்றிலிருந்து இழந்த வட்டியையும் கணக்கிட்டு ரூபாயில் எழுதி, அந்தத் தொகையையே இழப்பீடாகக் கேளுங்கள்.